ஆடை நீக்கிய பாலும் நீக்காத பாலும்

கறந்த பாலை ஓர் இரவு அசையாது வைத்தால் அதிலுள்ள கொழுப்பு மேலே திரண்டு ஆடையாகப் படர்கிறது. அந்த ஆடையே பிள்ளைக்கு உரம் என்று ஒரு தலைமுறை ஊட்டி வளர்த்தது. அதுவே இருதயத்துக்குப் பகை என்று அடுத்த தலைமுறை எடுத்து எறிந்தது. இன்று கடைத்தட்டிலே முழு ஆடைப் பால்மாவும் கொழுப்பு நீக்கிய பால்மாவும் அருகருகே நிற்கின்றன. எதை எடுப்பது என்று தெரியாது தயங்கும் தாய்மார் பலர். வீட்டிலே மாரடைப்புக் கண்ட முதியவர் ஒருவரும் நடை பழகும் குழந்தை ஒன்றும் இருந்துவிட்டால் அந்தத் தயக்கம் இருமடங்காகிறது.

நேயர்களே, இந்த வழக்குக்கு ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவார் பலர் உளர். ஆயினும் கடந்த நூறாண்டில் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள டென்மார்க்கும் பின்லாந்தும் தம் மக்கள் மீதே நடத்திப் பார்த்த சோதனைகளை உற்று நோக்கினால் விடை வேறு வகையாகத் தோன்றுகிறது. பாலிலிருந்து கொழுப்பை எடுத்தோமா, விட்டோமா என்பது பாதிக் கேள்வியே. எடுத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதே மற்றைப் பாதி. நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான் ஒளிந்திருக்கின்றன.

முதலில் பாலின் உள்ளடக்கத்தைச் சிறிது காண்போம். 200 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு குவளைப் பசும்பாலில் ஏறத்தாழ 7 கிராம் கொழுப்பு உண்டு. அதில் நான்கரைக் கிராம் அளவு நிரம்பிய கொழுப்பாகும். அறையின் வெப்பத்தில் இறுகி நிற்கும் வெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருப்பது இவ்வகைக் கொழுப்பே. பாலைச் சுழற்பொறியில் இட்டு ஆடையைப் பிரித்துவிட்டால் இக்கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. ஆனால் புரதமும் கல்சியமும் அப்படியே தங்கிவிடுகின்றன. எலும்பும் தசையும் வளர்வதற்கு வேண்டிய பொருள்கள் ஆடை நீக்கிய பாலிலும் குறைவதில்லை என்பதைப் பலர் அறியார். குறைபவை இரண்டு. ஒன்று சக்தி: முழுப்பால் ஒரு குவளை 130 கலோரி அளவு தருமாயின், ஆடை நீக்கியது 70 அளவே தரும். மற்றது கொழுப்பிலே கரைந்து நிற்கும் விற்றமின் ‘ஏ’. இந்த இரண்டாவது இழப்பு எத்துணைக் கொடியதாகக்கூடும் என்பதை டென்மார்க் தேசம் தன் குழந்தைகளின் கண்களைக் கொண்டு அறிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே டென்மார்க் விவசாயிகள் கூட்டுறவுப் பாற்பண்ணைகளை அமைத்தனர். சுழற்பொறி பாலிலிருந்து ஆடையைப் பிரித்தது. ஆடை வெண்ணெயாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எஞ்சிய வெள்ளை நீர் போன்ற பால் பண்ணைக்குத் திரும்பி வந்து பன்றிக்கும் பிள்ளைக்கும் ஒருசேரப் பகிரப்பட்டது. வெண்ணெயை விற்று வந்த காசிலே ஏழைக் குடும்பங்கள் தாவர எண்ணெயினால் ஆன மலிந்த மாஜரினை வாங்கிப் பாணில் தடவிக்கொண்டன. முதலாம் உலகப் போரின் காலத்தில் வெண்ணெயின் விலை ஏறிற்று, ஏற்றுமதியும் ஏறிற்று. அக்காலத்திலேதான் கொப்பன்ஹேகன் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த காள் புளொக் என்பவர் ஒன்றைக் கண்டார். நாட்டுப்புறத்து ஏழைக் குழந்தைகள் கண்கள் வறண்டு, கருவிழி மென்மையுற்று உருக்குலைந்து, பார்வை இழக்கும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வளர்ச்சி குன்றியிருந்தனர்; சிறு நோய்க்கும் தாங்காதிருந்தனர். அவர்களின் உணவை விசாரித்தபோது ஆடை நீக்கிய பாலும், கஞ்சியும், மாஜரினுமே கிடைத்த விடை. முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்தபோது, நோய் முற்றாதிருந்த குழந்தைகள் தேறினர்.

இதைவிட வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. 1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் தடையினால் டென்மார்க்கின் கடல் வாணிகம் தடுமாறியது. மாஜரினுக்கு வேண்டிய எண்ணெய் வித்துக்கள் வந்து சேரவில்லை; வெண்ணெயும் வெளியே போக வழியில்லை. ஆகவே அரசாங்கம் வெண்ணெயைப் பங்கீட்டு முறையில் ஏழைக்கும் எட்டும் விலையில் உள்நாட்டிலே கொடுத்தது. 1918இல் கண்வறட்சி நோய் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. போர்த் தடை குழந்தைகளின் கண்ணைக் காத்த விந்தை இது. வெண்ணெய்க் கொழுப்பில் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டு என்பதை அமெரிக்காவில் மக்கொலம் என்பார் 1913இலேயே எலிகளில் காட்டியிருந்தார். விற்றமின் ‘ஏ’ எனப் பின்னர் பெயர் பெற்றது அதுவே.

இந்த நிகழ்ச்சியை மட்டும் கேட்டவர், ஆடை நீக்கிய பால் பிள்ளைக்கு ஆகாது என்று அங்கேயே முடிவு கட்டிவிடக்கூடும். அப்படி முடிவு கட்டுவது அவசரம். அங்கே கொழுப்புப் போன இடத்தில் விற்றமின் சிறிதுமில்லாத மாஜரின் வந்தது. கீரையோ, மஞ்சட் காய்கறியோ, முட்டையோ அக்குழந்தைகளின் தட்டில் இல்லை. குற்றம் எடுத்ததில் மட்டுமன்று, ஈடு செய்யாததிலும் இருந்தது.

இனிப் பின்லாந்துக்குச் செல்வோம். அங்கே நிலைமை நேர்மாறானது. கொழுப்பில்லாமையால் குழந்தைகள் வாடிய நாடன்று அது. கொழுப்பு மிகுதியால் நடுவயது ஆடவர் மடிந்த நாடு. பனி நிலத்தில் தானியம் அரிதாகவும் புல் எளிதாகவும் விளையும். ஆகவே பசுவே அவர்களின் செல்வம். நான்கு வீதத்துக்கு மேல் கொழுப்புள்ள பாலைத் தண்ணீர் போலக் குடித்தார்கள். பாணின் மேல் வெண்ணெயைத் தடித்துப் பூசினார்கள். காய்கறியைக் கால்நடைத் தீனி என்று எள்ளியவர்களும் உண்டு. அமெரிக்கரான அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஆய்விலே, கிழக்குப் பின்லாந்தின் ஆடவரே இருதய நோயினால் மிகுதியாக இறப்பவர்கள் என்று கண்டறியப்பட்டது. மரம் வெட்டும் உழைப்பாளிகள் அவர்கள், உடற்பருமன் அற்றவர்கள். ஆயினும் நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்தார்கள்.

இங்கே 1959இல் ஒஸ்மோ தூர்பெய்னென் என்பவரும் அவருடைய துணைவர்களும் துணிவான ஒரு சோதனையைத் தொடங்கினர். எல்சிங்கி நகருக்கு அண்மையிலிருந்த இரண்டு மனநோய் மருத்துவமனைகளை அவர்கள் தெரிந்துகொண்டனர். ஒன்றிலே வழக்கமான பாலும் வெண்ணெயும் தொடர்ந்தன. மற்றதிலே பாலிலிருந்து ஆடையை நீக்கி, அதற்குப் பதிலாகச் சோயா எண்ணெயைக் கலந்து பால் போலவே ஆக்கிக் கொடுத்தனர். வெண்ணெய்க்குப் பதிலாக நிரம்பாத கொழுப்பு மிகுந்த மென்மையான மாஜரினைக் கொடுத்தனர். ஆறு ஆண்டுகள் கழிந்தபின் இரண்டு மருத்துவமனைகளும் உணவை மாற்றிக்கொண்டன. மேலும் ஆறு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. சோயா எண்ணெய் கலந்த பாலை உண்ட காலத்திலே இரத்தத்தின் கொலஸ்ட்ரோல் இறங்கியது. ஆடவரிடையே இருதய நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெண்களிடம் வேறுபாடு அத்துணைத் தெளிவாகவில்லை. எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பின் மொத்தத்திலும் உறுதியான வேறுபாடு காட்ட முடியவில்லை.

இந்தச் சோதனையைப் புகழ்ந்தவர்களும் உண்டு, குறைகூறியவர்களும் உண்டு. குறைகூறியவர்களின் வாதம் வலுவானதே. நோயாளிகளைத் தனித்தனியே சீட்டுக் குலுக்கிப் பிரிக்காமல் மருத்துவமனை மருத்துவமனையாகவே பிரித்தார்கள். நோயாளிகள் இடையிலே வந்தார்கள், போனார்கள். புகைப்பழக்கமும் கொடுக்கப்பட்ட மருந்துகளும் இரண்டு இடத்திலும் ஒன்றாயில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சோள எண்ணெயைக் கொண்டு இதுபோன்ற ஆய்வு நடந்தது. அங்கேயும் கொலஸ்ட்ரோல் இறங்கியது, ஆனால் இறப்புக் குறையவில்லை. அதன் முழுக் கணக்கு 2016இலேதான் வெளியாயிற்று. எனினும் அங்கே பெரும்பாலானவர்கள் ஓராண்டு கூட அந்த உணவில் நிலைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பல்லாண்டுகளாகப் படியும் கொழுப்புப் படிவை ஒரு சில மாத உணவு கரைத்துவிடும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

ஒரு சோதனையை நம்பி எழுவதும் மற்றொன்றைக் கண்டு வீழ்வதும் அறிவுடைமையாகா. ஆகவேதான் கோக்ரேன் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பினர், இரண்டாண்டோ அதற்கு மேலோ நீடித்த பதினைந்து சோதனைகளை ஒருங்கே எடை போட்டு 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். நிரம்பிய கொழுப்பைக் குறைத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன. இறப்பில் தெளிவான மாற்றம் இல்லை. இதிலே நேயர்கள் உள்ளத்தில் இருத்தவேண்டியது பின்வருவதே. குறைத்த கொழுப்பின் இடத்திலே நிரம்பாத கொழுப்புள்ள எண்ணெயை வைத்தபோது நன்மை தெளிவாகத் தெரிந்தது. தீட்டிய மாவும் சீனியும் அந்த இடத்தைப் பிடித்தால் நன்மை கிடைக்கும் என்பதற்குப் பொதுவாக ஆதாரம் இல்லை.

காரணமும் ஓரளவு விளங்குகிறது. இரத்தத்திலே சுற்றிவரும் தீய கொலஸ்ட்ரோலைப் பிடித்து அகற்றுவது ஈரலின் பணி. அதற்கென ஈரலின் மேற்பரப்பிலே கொக்கி போன்ற அமைப்புக்கள் உள்ளன. நிரம்பிய கொழுப்பு மிகுந்தால் இக்கொக்கிகள் குறைகின்றன. நிரம்பாத கொழுப்பு வந்தால் கூடுகின்றன. அகற்றப்படாத கொலஸ்ட்ரோல் நாடிகளின் சுவரிலே புகுந்து தங்குகிறது.

1971இல் பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்து மக்கள், தங்கள் ஆடவர் சாவதைத் தடுக்க ஏதேனும் செய்யுமாறு அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலே திட்டம் தொடங்கியது. பெக்கா பூஸ்கா என்ற இளம் மருத்துவர், இருபத்தேழு வயதினர், அதன் தலைவரானார். அவர் துண்டுப் பிரசுரங்களை நம்பியிருக்கவில்லை. மாதர் சங்கங்களின் துணையோடு கிராமம் கிராமமாக விருந்துகள் நடத்தி, வழக்கமான உணவையே கொழுப்புக் குறைத்துச் சமைத்துக் காட்டச் செய்தார். பாற்பண்ணையாளர் முதலில் கொதித்தெழுந்தனர்; வெண்ணெயை விலக்கச் சொன்னால் எங்கள் வாழ்வு என்னாவது என்று கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமற்றதன்று. காலப்போக்கில், கொழுப்பின் அளவுக்கே பாலுக்கு விலை என்ற முறை மாறிப் புரதத்துக்கும் விலை என்று ஆயிற்று. குளிரைத் தாங்கும் கடுகினத்து எண்ணெய்ப் பயிர் வந்தது. சில பண்ணையாளர் காட்டுப் பழச் செய்கைக்கு மாறினர். 1972இல் பத்துப் பேரில் எண்மருக்கு மேல் பாணில் வெண்ணெய் தடவினர். பின் வந்த பத்தாண்டுகளிலே அவ்வழக்கம் மிகச் சிலரிடமே எஞ்சியது. குறைந்த கொழுப்புள்ள பாலும் ஆடை முற்றாக நீக்கிய பாலும் மேசைக்கு வந்தன. நடுவயது ஆடவரின் இருதய நோய் இறப்பு, திட்டம் தொடங்குமுன் இருந்ததில் ஏறத்தாழ 85 வீதம் குறைந்தது.

இந்தப் பெரும் வெற்றியை ஒரு குவளைப் பாலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதே காலத்தில் ஆடவர் புகைத்தல் குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுக்கப்பட்டது. பின்லாந்து முழுவதிலுமே இறப்பு இறங்கியது. கொலஸ்ட்ரோல் குறைந்ததே காரணங்களுள் பெரியது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். எனினும் அந்தக் கொலஸ்ட்ரோலை இறக்கியது பாலா, வெண்ணெயா, சமையலெண்ணெயா என்று பிரித்துக் கூறுவது கடினம்.

பாலுக்குச் சார்பாக ஒன்றும் கூறவேண்டும். பாலின் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வினால் போர்த்தப்பட்டு மிதக்கிறது. கடைந்து வெண்ணெயாக்கும்போது அச்சவ்வு சிதைகிறது. சுவீடனில் 2015இல் வெளியான ஓர் ஆய்விலே, எடை மிகுந்த 57 பேருள் ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 40 கிராம் பாற்கொழுப்பைச் சவ்வு குலையாத ஆடையாக உண்டனர். மற்றைப் பிரிவினர் அதே அளவைச் சவ்வற்ற வெண்ணெய் நெய்யாக உண்டனர். எட்டு வாரங்களின் பின், நெய் உண்டவரின் தீய கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. ஆடை உண்டவரிடம் அவ்வாறு ஏறவில்லை. டென்மார்க்கில் 2018இல் வெளியான மற்றொரு சிறிய ஆய்விலும், நலமுள்ள பதினெழுவர் மூன்று வாரம் நாளுக்கு அரை லீற்றர் முழுப்பாலும், வேறு மூன்று வாரம் ஆடை நீக்கிய பாலும் குடித்துப் பார்த்தனர். தீய கொலஸ்ட்ரோலில் வேறுபாடு காணப்படவில்லை. இவை சிறிய, குறுகிய கால ஆய்வுகளே. மாரடைப்பைப் பற்றி இவை ஒன்றும் சொல்லவில்லை. எனினும், வெண்ணெய்க்கு எதிராக எழுந்த தீர்ப்பை அப்படியே பாற்குவளையின் மீது எழுதுவது முறையன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

இனிப் பிள்ளைகளின் வளர்ச்சி. டென்மார்க்கின் கதையை அறிந்தவர், இருதயத்தைக் காக்கப் போய்ப் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுத்துவிடுவோமோ என அஞ்சுவது இயல்பே. இந்த அச்சத்தை நேரே சோதித்ததும் பின்லாந்துதான். 1990ஆம் ஆண்டை ஒட்டித் தூர்க்கு நகரில் 1,062 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவின் பெற்றோருக்கு உணவாலோசனை கொடுத்தனர். அதன்படி ஒரு வயதிலிருந்து குழந்தைக்கு நாளுக்கு அரை லீற்றர் அல்லது சிறிது கூடுதலாக ஆடை நீக்கிய பால் கொடுக்கவேண்டும். அதோடு நில்லாமல், இரண்டு வயது நிறையும்வரை நாள்தோறும் இரண்டு மூன்று தேக்கரண்டி தாவர எண்ணெயோ மென்மையான மாஜரினோ உணவிலே சேர்க்கவேண்டும். மற்றைப் பிரிவினர் வழக்கமான உணவையே உண்டனர். இக்குழந்தைகள் இருபது வயது எய்தும்வரை ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தனர். உயரத்திலும் எடையிலும் அறிவு வளர்ச்சியிலும் ஆலோசனை பெற்ற பிரிவினர் பின்தங்கவில்லை. அவர்களின் தீய கொலஸ்ட்ரோல் சிறிது தாழ்ந்தே இருந்தது.

ஆடை நீக்கிய பால் டென்மார்க்கில் குழந்தைகளின் கண்களைப் பறித்தது. பின்லாந்தில் ஒரு தீங்கும் செய்யவில்லை. நடுவே நின்றவை அந்த இரண்டு மூன்று கரண்டி எண்ணெயும், பல்வகை உணவும், குழந்தையை அடிக்கடி நிறுத்துப் பார்த்த தாதியருமே. இந்த மூன்றும் இல்லாத வீட்டிலே தூர்க்கு நகரத்துப் பயனை எதிர்பார்ப்பது வீண். ஆகவேதான் பல நாடுகளில் இரண்டு வயதுவரை முழுப்பாலே கொடுக்கும்படி பொதுவாகச் சொல்லப்படுகிறது.

முழுப்பால் குடிக்கும் பிள்ளை கொழுத்துவிடும் என்ற எண்ணமும் நிலவுகிறது. கனடா ஆய்வாளர் 2020இல் இருபத்தெட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இதற்கு மாறான காட்சியே தெரிந்தது. முழுப்பால் குடித்த பிள்ளைகளிடையே அதிக எடையுள்ளோர் குறைவாகக் காணப்பட்டனர். ஆனால் அவை அனைத்தும் பிள்ளைகளை அவரவர் போக்கில் கவனித்த ஆய்வுகளே. பிள்ளை பருத்திருப்பதைக் கண்ட தாய் ஆடை நீக்கிய பாலுக்கு மாற்றியிருப்பாள். மெலிந்ததைக் கண்ட தாய் முழுப்பாலைத் தொடர்ந்திருப்பாள். எது காரணம், எது விளைவு என்பதை அத்தகைய ஆய்வு சொல்லாது. அவுஸ்திரேலியாவில் நாலு முதல் ஆறு வயதான 49 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து மூன்று மாதம் சோதித்தபோது, முழுக்கொழுப்புப் பாலுணவுக்கும் கொழுப்புக் குறைத்ததற்கும் உடற்பருமனில் வேறுபாடு தென்படவில்லை.

இவற்றை எல்லாம் நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாட்டனாருக்கு அறுபத்திரண்டு வயது. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. பேத்திக்குப் பத்து வயது. பேரனுக்குப் பதினெட்டு மாதம். கொழுப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லக் கேட்ட வீட்டார், முழு ஆடைப் பால்மாவை நிறுத்தி எல்லோருக்கும் கொழுப்பு நீக்கிய பால்மாவையே வாங்குகின்றனர். நல்லெண்ணத்தோடு செய்த காரியம், பயனைப் பார்ப்போம்.

பாட்டனார் நாளுக்கு மூன்று முறை பால்தேநீர் அருந்துபவர். ஒவ்வொரு முறையும் 10 கிராம் பால்மா என்று கொள்வோம். முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 26 வீதமாவது கொழுப்பு இருக்கும். ஆகவே நாளுக்கு ஏறத்தாழ 8 கிராம் கொழுப்பு. அதில் நிரம்பியது 5 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் நிரம்பிய கொழுப்பை ஏறத்தாழ 22 கிராமுக்குள் நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பாட்டனாரின் பொரியலிலும் தாளிதத்திலும் இரண்டு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெய் சேருமாயின், அதிலேயே ஏறத்தாழ 23 கிராம் நிரம்பிய கொழுப்பு வந்துவிடுகிறது. சம்பலும் பாற்கறியும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. பால்மாவை மாற்றியதால் 5 கிராம் குறைந்தது உண்மை. ஆனால் எல்லை இன்னும் கடந்தே நிற்கிறது. அந்த இரண்டு கரண்டியில் ஒன்றை மட்டும் நல்லெண்ணெயாக மாற்றினால் ஒன்பது கிராமுக்கு மேல் குறைகிறது. பால்மாவை மாற்றியதைப் போல ஏறத்தாழ இருமடங்கு பயன் அது; அதோடு, எடுத்த இடத்தில் நிரம்பாத கொழுப்பும் வந்து அமர்கிறது. இரண்டையும் செய்வதற்குத் தடையில்லை. ஆனால் பாலில் சுவை குறைந்ததென்று தேநீரில் சீனியைக் கூட்டிக்கொண்டு, பசி தீர இனிப்பு விசுக்கோத்தையும் சேர்த்துக்கொண்டால், பாட்டனார் அடைந்த நன்மை கைநழுவிப் போகும்.

பத்து வயதுப் பேத்திக்கு எந்தப் பாலும் ஆகும். கல்சியமும் புரதமும் இரண்டிலும் உண்டு. சோறும் மீனும் கீரையும் உண்ணும் பிள்ளைக்கு ஆடை நீக்கிய பாலால் குறைவு நேராது. மெலிந்த, உணவில் நாட்டமற்ற பிள்ளைக்கு முழுப்பால் கூடுதல் சக்தி தரும். அவளுக்குக் கடையில் வாங்கும் பெட்டிப் பாலில் கொழுப்பு இல்லை என்ற எழுத்தைப் பார்ப்பதோடு, சீனி எவ்வளவு என்ற எழுத்தையும் பார்க்கவேண்டும்.

கவலைக்குரியவன் பதினெட்டு மாதப் பேரனே. அவன் நாளுக்கு 400 மில்லிலீற்றர் பால் குடிப்பதாகக் கொண்டால், பாலை மாற்றியதனால் 120 கலோரி அளவு இழக்கிறான். நாள் முழுவதிலும் அவனுக்கு வேண்டியது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவே. எட்டில் ஒரு பங்கு சத்தமின்றிப் போய்விட்டது. பெரியவனாயின் இன்னொரு பிடி சோறு உண்டு ஈடு செய்வான். சிறு வயிற்றில் அதற்கு இடமில்லை. பால்மா விலையேறிய நாட்களிலே மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கும் வழக்கம் சேர்ந்தால் இழப்பு இன்னும் பெரிதாகும். அப்போது கொழுப்போடு புரதமும் கல்சியமும் குறைந்துவிடும். முழு ஆடை என்று பெட்டியில் எழுதியிருப்பதால் குவளையிலும் அது இருக்கும் என எண்ணக் கூடாது. பெட்டியில் குறித்த கரண்டிக் கணக்கின்படி கரைத்தாலே அது பாலாகும்.

இந்த இழப்பைக் கண்ணால் பார்த்து அறிவது கடினம். முகம் வாடுவதற்கு முன்பே எடை நின்றுவிடும். மருத்துவமாது குழந்தையை நிறுத்து வளர்ச்சிப் பதிவேட்டில் இடும் கோடு மேல் நோக்கிச் செல்லாமல் அடுத்தடுத்த இரண்டு முறை படுத்துக்கொண்டால், முதலில் பாலையும் அதைக் கரைக்கும் முறையையும் விசாரிக்கவேண்டும். மாலை மங்கும் வேளையில் குழந்தை பொருள்களில் இடறி நடந்தால், விற்றமின் ‘ஏ’ குறைவு எனக் கருதி அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். கொழுப்பு நீக்கிய பால்மாக்களில் விற்றமின் ‘ஏ’யும் ‘டி’யும் மீண்டும் சேர்க்கப்பட்டவை உண்டு, சேர்க்கப்படாதவையும் உண்டு, பெட்டியின் பக்கத்தைப் படித்தே அறியலாம். முருங்கையிலை, பூசணி, பப்பாசி ஆகியவற்றிலிருந்து உடல் இந்த விற்றமினை ஆக்கிக்கொள்ளும். ஆனால் அவற்றோடு சிறிதளவேனும் எண்ணெய் சேர்ந்தால்தான் அது நன்கு உடலில் ஏறும்.

மறுபுறம், முழுப்பால் நல்லதென்று இச்சிறுவனுக்கு நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் கொடுப்பதும் தவறு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலால் வயிறு நிறைந்த குழந்தை சோற்றையும் பருப்பையும் மீனையும் தள்ளிவிடும். நாளடைவில் வெளிறிச் சோர்ந்துபோகும்.

ஆகவே அந்த வீட்டிலே இரண்டு பெட்டி இருப்பதே பொருத்தம். பாட்டனாரின் தேநீருக்குக் கொழுப்பு நீக்கியது, பேரனின் குவளைக்கு முழு ஆடையது. இரண்டு பெட்டி வாங்க வசதியில்லையெனில் முழு ஆடைப் பால்மாவையே வாங்கிப் பேரனுக்கு அளவாகக் கரைத்துக் கொடுக்கலாம். பாட்டனாருக்குத் தேநீரைப் பாலின்றிக் கொடுத்து, அவருடைய சட்டியிலே எண்ணெயை மாற்றலாம். பேரன் இரண்டு வயதைக் கடந்து, வளர்ச்சிக் கோடு நேராக ஏறி, வீட்டுச் சாப்பாட்டை நன்கு உண்ணத் தொடங்கியபின் ஒரே பெட்டியைப் பற்றி மருத்துவமாதுடன் கலந்து பேசிக்கொள்ளலாம்.